வெந்த பருப்பின் எடை

பாப்பிரெட்டிப்பட்டியில் ஷகிலாவைக் கணக்குக்காரி என்று யாரும் சொன்னதில்லை. கண்ணளவில் உப்பு, கையளவில் புளி என்று பதினாறு வருடம் சமைத்தவள். மளிகைக்கடை வைத்திருக்கும் கணவர் தாவூது, பாதி சாமானைப் பொட்டலமாய் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். எடை பார்க்க வேண்டிய அவசியமே அவளுக்கு வந்ததில்லை. வந்தது ஹுமேராவுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்த பிறகுதான். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. உடம்பில் இன்சுலின் சுரக்கவே சுரக்காத வகை, ஊசியைத் தவிர வேறு வழியில்லை என்றார்கள்.

முதல் வருடம் ஒரே அளவு ஊசி, ஒரே அளவு சோறு என்று ஓடியது. பசித்தாலும் கூடுதலாய் ஒரு கரண்டி கிடையாது, பசிக்காவிட்டாலும் தட்டைக் காலி செய்தாக வேண்டும். பந்தியில் உட்கார்ந்த மகள் அடுத்த இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவதைத் தாயால் எத்தனை நாள் பார்க்க முடியும்? அதனால்தான் சேலத்து ஆஸ்பத்திரியில், சாப்பாட்டில் உள்ள மாவுச்சத்தைக் கணக்கிட்டு அதற்கேற்ப ஊசி போடலாம் என்று சொன்னபோது ஷகிலா உடனே தலையாட்டினாள். ஹுமேராவுக்குப் பதினைந்து கிராம் மாவுச்சத்துக்கு ஒரு யூனிட். உணவு ஆலோசகர் ஒரு தாளைக் கொடுத்தார். சோறு, இட்லி, சப்பாத்திக்கெல்லாம் அளவு அதில் இருந்தது. சாம்பார் மட்டும் வீட்டுக்கு வீடு மாறும், நீங்களே எடை போட்டுக் கணக்கு எடுங்கள் என்றார்.

எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை, புது எலெக்ட்ரானிக் தராசை அடுப்புப் பக்கம் வைத்துக்கொண்டு, மகளின் பழைய நோட்டில்.

அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வழக்கம் உண்டு. பக்கத்து வூட்டு ஓரகத்தி சமரீனும் இவளும் பருப்பை ஒரே பெரிய குக்கரில் வேகவைத்து, வெந்ததும் பாதிப்பாதி பிரித்துக்கொள்வார்கள். கேஸ் மிச்சம், பேச்சுத் துணையும் கிடைக்கும். அன்றும் சமரீன் இரண்டு டம்ளர் துவரம்பருப்பைப் போட்டு, தண்ணீர் தாராளமாய் ஊற்றி விசில் விட்டாள். தன் பங்கை ஷகிலா தராசில் வைத்தாள். நானூற்றைம்பது கிராம். தாளில் துவரம்பருப்புக்கு, நூறு கிராமில் மாவுச்சத்து ஐம்பத்தைந்து, புரதம் இருபத்திரண்டு, கொழுப்பு ஒன்றரைக்குக் கொஞ்சம் மேல். நாலரையால் பெருக்கினாள்.

பிறகு கேரட், கத்திரிக்காய், முருங்கைக்காய், சின்ன வெங்காயம், தக்காளி, புளி, சாம்பார்த்தூள். ஒவ்வொன்றையும் நிறுத்து எழுதி, மாவுச்சத்து நாற்பத்தைந்து என்று கூட்டினாள். தாளிக்கிற எண்ணெய் பதினைந்து கிராம், அது முழுக்கக் கொழுப்பு. வெறும் பாத்திரத்தை முன்பே நிறுத்திருந்ததால், கொதித்து இறங்கிய சாம்பார் மட்டும் ஆயிரத்தைந்நூறு கிராம் என்று தெரிந்தது. கரண்டிக்கு நூறு கிராம், பதினைந்து கரண்டி. ஒரு கரண்டியில் மாவுச்சத்து பத்தொன்பதரை, புரதம் ஏழு, கொழுப்பு ஒன்றரை. சமரீனைக் கூப்பிட்டுக் காட்டினாள். எங்க வூட்டு சாம்பார் ஒரு கரண்டியில முட்டையை விட சத்து இருக்குது பாரு என்று பெருமை அடித்துக்கொண்டாள். ஒரு கரண்டி சாம்பார் ஒரு முட்டையை மிஞ்சுமா என்று அந்த இடத்தில் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். சந்தோஷத்தில் இருப்பவளுக்கு அதெல்லாம் எங்கே தோன்றும்?

மத்தியானச் சாப்பாட்டில் ஹுமேரா இரண்டு கரண்டி கேட்டாள். கேட்டது கிடைத்த முதல் ஞாயிறு அது. சோற்றில் நாற்பத்திரண்டு, சாம்பாரில் முப்பத்தொன்பது. ஐந்தரை யூனிட். மகள் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, அம்மா இனிமே டெய்லி சாம்பார் வை என்று சொல்லிப் படுத்தாள்.

இரண்டரை மணிக்குப் போர்வையை இழுத்துவிடப் போனபோதுதான் ஷகிலா கை பட்டுத் திடுக்கிட்டாள். பிள்ளையின் கழுத்தெல்லாம் ஜில்லென்று வியர்த்திருந்தது. கூப்பிட்டால் முனகினாளே தவிர கண் நிலைக்கவில்லை. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை நாற்பத்தாறு, எழுபதுக்குக் கீழே இறங்கவே கூடாது. நிமிர்த்தி உட்காரவைத்து, விழுங்குகிறாளா என்று பார்த்துப் பார்த்து, மூன்று ஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீரை மெல்லப் புகட்டினாள். பதினைந்து நிமிடம் கழித்து ஐம்பத்தெட்டு. மறுபடி சர்க்கரைத் தண்ணீர். அதன்பிறகுதான் எண்பத்தெட்டு வந்தது. அந்த அரை மணி நேரம் அவள் வாழ்நாளில் கழிக்கக் கூடாத அரை மணி நேரம்.

கடையிலிருந்து ஓடிவந்த தாவூது மகளின் நெற்றியைத் துடைத்துவிட்டார். "கணக்கு வேணாம் ஷகிலா. பழைய மாதிரியே ஒரே அளவா போட்டுடலாம். கொறையா தின்னாலும் உசுரோட இருக்கட்டும்" என்றார்.

தப்பு எங்கே என்று ஷகிலாவுக்குத் தெரிந்தாக வேண்டும். நோட்டை எடுத்துக் கூட்டலைத் திரும்பத் திரும்பப் போட்டாள். கூட்டல் சரி, பெருக்கல் சரி. அடுப்படிக்குப் போய்ச் சமரீன் அளந்த அதே டம்ளரில் பருப்பை அள்ளித் தராசில் கொட்டினாள். நூற்றைம்பது கிராம். குக்கரில் போட்டது இரண்டு டம்ளர், இவள் பங்கு ஒரு டம்ளர். நோட்டில் நானூற்றைம்பது. மிச்சம் முந்நூறு எங்கிருந்து வந்தது?

தண்ணீர். குக்கரில் பருப்பு குடித்த தண்ணீர்.

தாளை விரித்துப் பார்த்தாள். சோற்றுக்கு எதிரே "வெந்தது" என்று இருந்தது. பருப்புக்கு எதிரே பொடி எழுத்தில் "வேகவைக்காதது". சோற்றைப் போலத்தானே பருப்பும் என்று வெந்ததை நிறுத்துவிட்டாள். தண்ணீரையும் பருப்பாக எண்ணி மகளுக்கு ஊசி ஏற்றியிருக்கிறாள். திரும்பப் போட்டாள். பருப்பில் எண்பத்து மூன்று, மற்றதில் நாற்பத்தைந்து. கரண்டிக்கு மாவுச்சத்து எட்டரை, புரதம் இரண்டரைச் சொச்சம், கொழுப்பு ஒன்றேகால். இரண்டு கரண்டிக்குப் பதினேழு. போட வேண்டியது நாலு யூனிட்தான். ஒன்றரை யூனிட் அதிகம்.

தாவூதிடம் நோட்டை நீட்டினாள். "கணக்கு மேல தப்பு இல்லீங்க. நான்தான் தப்பா நிறுத்துட்டேன்." பருப்பு நிறுத்தே பிழைப்பவர் அவர், பார்த்ததும் புரிந்துகொண்டார். மறுநாள் சேலத்துக்குப் போன் போட்டு ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். புதுக் கணக்கு சரிதான், இனி குக்கரில் போடும் முன்பே நிறுங்கள், கொஞ்ச நாளைக்குச் சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் சோதித்துப் பாருங்கள் என்றார் ஆலோசகர்.

அடுத்த ஞாயிறு சமரீன் டம்ளரைத் தூக்கும் முன்பே ஷகிலா தன் பங்குப் பருப்பைத் தராசில் வைத்தாள். நூற்றைம்பது. தனிக் குக்கரில் போட்டாள். சமரீன் விசிலை மாட்டிக் கொடுத்தாள்.

தட்டு முன்னால் உட்கார்ந்த ஹுமேரா ஒரு கரண்டி போதும் என்றாள். பசியில்லையா என்று கேட்டால் தராசைப் பார்த்தாள். வேகுறதுக்கு முன்னாடியே நிறுத்துட்டேன், கணக்கு சரியா போட்டுட்டேன் என்று ஷகிலா இரண்டாவது கரண்டியை ஊற்றினாள். நாலு யூனிட் ஏற்றினாள். மகள் ஒழுங்காய்ச் சாப்பிட்டு, கையைக் கழுவிவிட்டுப் பாய் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். கண் சொக்கியது. ஆனாலும் படுக்கவில்லை. சோதிக்கிற மெஷினை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள்.

"அம்மா, நான் தூங்கட்டுமா?"

தூங்கு என்றாள் ஷகிலா. இரண்டரை மணிக்கு நூற்றுப் பதினெட்டு காட்டியது. ஆனால் அதுவரைக்கும் இருவருமே தூங்கவில்லை.