அழித்த மலை

தையற்கூடத்தில் எல்லோருக்கும் அவள் பட்டன் அக்கா. பதினாறு வருடமாகச் சட்டைகளுக்குப் பட்டன் வைக்கிறவள். மதியம் சாப்பிட்டதும் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் தாயக்கட்டம் வரைவதும் அவள்தான். நான்கு கையுள்ள கட்டம்; கைக்குக் கை ஒரே இடத்தில் பெருக்கல் குறி போட்ட மலைகள். மலையில் நிற்கும் காயை யாரும் வெட்ட முடியாது. மற்ற இடத்தில் வெட்டுப்பட்டால், மறுபடி தாயம் விழுந்தால்தான் காய் உள்ளே இறங்கும்.

அன்று புது சூப்பர்வைசரும் ஆட உட்கார்ந்தார். தாயம் விழுந்து காய்களை இறக்கிவிட்டார். வெட்டுத்தான் வாய்க்கவில்லை. ஒரு காயையாவது வெட்டாதவர் நடுப்பாதையில் ஏறிக் காயைக் கரைசேர்த்துப் பழம் எடுக்க முடியாது. அவர் காய்கள் செக்குமாடு மாதிரி வெளிச்சுற்றிலேயே சுற்றின. அக்காவுக்கோ மூன்று பழம் ஆகிவிட்டது. கடைசிக் காய் மலையில் பத்திரமாக இருந்தது.

அக்கா எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். சூப்பர்வைசர் தாயக்கட்டையை உருட்டினார். மூன்று. மலைக்கு மூன்று கட்டம் பின்னால் இருந்த தன் காயை நகர்த்தி அவள் காயைத் தூக்கிப் போட்டார்.

"வெட்டு!"

"சார், அது மலை."

"குறி எங்கம்மா இருக்கு?"

குனிந்து பார்த்தாள். குறி இருந்த இடத்தில் விரலால் தேய்த்த வெள்ளைத் தடம். அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

"மத்த மூணு கையிலயும் இதே இடத்துல மலை இருக்கு. இங்க மட்டும் எப்படி சார் காணாமப் போகும்?"

சுற்றி எட்டுப் பேர். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"விளையாட்டுக்குப் போய் இவ்வளவு கோபமா?" என்று சிரித்தார் அவர்.

"மிஷின்ல நீங்க சொல்றதத்தான் கேக்கறேன். இங்கயும் நீங்க வெச்சதுதான் சட்டம்னா, நான் எதுக்குக் கட்டைய உருட்டணும்?"

காயை எடுத்து அதே மலையில் வைத்தாள். மணி அடித்தது. அவர் எழுந்து போனார்.

சாயங்காலம் வாசலில், பட்டன் துளைக்குக் காஜா போடுகிறவளை மடக்கினாள். பக்கத்து மிஷின்காரி, தங்கச்சி மாதிரி பழகுகிறவள்.

"அவர் அழிச்சத நீ பாத்தியா?"

"பாத்தேங்க்கா."

"அப்புறம் வாய்க்கு என்ன பூட்டா போட்டிருந்தே?"

"எனக்கு லீவு வேணும்க்கா, அவர்தான் கையெழுத்துப் போடணும்..."

அழித்தவனைவிட, பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் மேல்தான் அக்காவுக்குக் கோபம்.

மறுநாள் கித்தான் துணியில் கட்டம் தைத்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு மலையும் சிவப்பு நூலில் இரட்டைத் தையல். சூப்பர்வைசர் வந்தார், எட்டிப் பார்த்தார், வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் அந்தப் பக்கம் வரவே இல்லை. அந்த வாரமே அக்காவை இஸ்திரி மேசைக்கு மாற்றினார். அவள் போய் நின்றாள். மதியம் தவறாமல் துணியை விரித்தாள்.

காஜாக்காரியும் வந்து உட்கார்ந்தாள். அக்கா அவள் கையில் கட்டையைக் கொடுத்தாள், முகத்தைப் பார்க்காமல்.