முதல் மணிக்கும் இரண்டாவது மணிக்கும் நடுவில்

எனக்குப் பொறுமை கிடையாது. பஸ் வருகிறதா என்று பார்க்க நடுரோட்டுக்கு இறங்குகிறவள் நான். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலை, ஒரு பெட்டியை நிதானமாக இருக்கப் பழக்குவது. ஹட்டனில் மூன்று பேர் வேலை பார்க்கும் ஒரு சிறிய மென்பொருள் கடை எங்களுடையது. கொத்மலைப் பக்கம் நான் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்துக்கு நாங்கள்தான் அந்தப் பெட்டியைச் செய்து கொடுத்தோம்.

தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் தராசு லொறியோடுதான் மலைக்கு வரும். லொறி நிற்பதோ பள்ளத்தில், தொழிற்சாலைக்குப் பக்கத்துக் கொட்டகையில். அங்கே போனுக்குச் சிக்னல் ஒரு துளியும் வராது. மலையில் சிக்னல் உண்டு. அதனால் கொட்டகைக்கு மேலே தண்ணீர்த் தாங்கி மேட்டில் சூரியத் தகட்டோடு பெட்டியை வைத்து, கீழே கம்பி இழுத்து ஒரு மணியைக் கட்டினோம். மலையிலிருந்து, கொழுந்து பறிப்பவர்களை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை தன் போனில் 'கொழுந்து தயார்' என்று அழுத்துவார். அது எங்கள் சேவையகத்தில் வரிசையில் போய் நிற்கும். பெட்டி அடிக்கடி அங்கே போய் "ஏதாவது வேலை இருக்கா?" என்று கேட்கும். இருந்தால் கொட்டகையில் மணி அடிக்கும், லொறி கிளம்பும்.

எவ்வளவு அடிக்கடி கேட்பது என்பதில்தான் வம்பு. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் பேட்டரி கொஞ்சம் கரையும். எங்கள் மலையில் மூடுபனி இறங்கிவிட்டால் தகடு பேருக்குத்தான் இருக்கும். முதலில் பத்து விநாடிக்கு ஒருமுறை ஓயாமல் கேட்கவைத்தோம்; இரண்டாம் நாளே பெட்டி செத்துப்போனது. ஆகவே எங்கள் கடை முதலாளி முறையை மாற்றினார். வரிசை காலியாக இருந்தால் அடுத்த கேள்விக்கு இரண்டு மடங்கு நேரம் காத்திரு. பத்து விநாடி, இருபது, நாற்பது என்று போய் அரை மணியில் நின்றுகொள். வேலை ஒன்று கிடைத்ததும் மறுபடி பத்து விநாடிக்கு வா. கேட்க அழகான யோசனை. எனக்கும் பிடித்துத்தான் இருந்தது, அக்கா போன் பண்ணும் வரைக்கும்.

அக்கா அந்தத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். அவளுக்குக் கைப்பிள்ளை. காலையில் பிள்ளைக்காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டு மலைக்குப் போவாள். பகல் நிறுவை முடிந்தால்தான் கீழே இறங்கிப் பால் கொடுக்க முடியும். காலை நிறுவைக்கும் பகல் நிறுவைக்கும் இடையில் வரிசை காலி. பகலில் கணக்கப்பிள்ளை அழுத்தும் நேரத்தில் பெட்டி சரியாக அரை மணித் தூக்கத்தில் இருக்கும்.

"ஒன் பொட்டி தூங்குதுடி. புள்ள அங்க கத்துது, நான் இங்க சாக்க கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கேன்."

எனக்குச் சுருக்கென்று இருந்தது. முதலாளியிடம் சண்டை போட்டேன். அவர் மூடுபனியைக் காட்டினார். "பெட்டி செத்தா லொறியே வராது. அப்ப யாருக்கு நல்லது?" என்றார். அவர் சொன்னதும் நியாயமாக இருந்ததால் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

இதற்குள் கணக்கப்பிள்ளை தாமாகவே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். நிறுவைக்கு வெகு முன்பே வெறுமனே ஒருமுறை அழுத்திவிடுவார். பெட்டி எப்போது விழித்துப் பார்த்தாலும் அந்த வெற்று வேலை அகப்படும். அதன்பின் கொஞ்ச நேரம் வேகமாகக் கேட்டுக்கொண்டிருக்கும். உண்மையான அழைப்பை அந்த வேகத்துக்குள் அனுப்பிவிடுவார். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் சில நாட்களில் கொழுந்து கட்டத் தாமதமாகும். வெற்று மணி அடித்து எவ்வளவு நேரம் ஆகிறதோ, ஏறக்குறைய அவ்வளவு நேரம் பெட்டி அடுத்த கேள்விக்கும் காத்திருக்கும். திரும்பவும் பழைய கதை.

கடைசியில் முதலாளியைச் சம்மதிக்கவைத்தேன். எந்நேரமும் வேகம் வேண்டாம். மூன்று நிறுவை நேரங்களை ஒட்டி மட்டும் பெட்டி ஒரு நிமிடத்துக்கு மேல் தூங்கக்கூடாது. மற்ற நேரத்தில் அரை மணி தூங்கட்டும். அதற்குப் பேட்டரி தாங்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். புதிய ஏற்பாட்டை ஹட்டனிலிருந்தே அனுப்பினேன். அதையும் பெட்டி அடுத்த முறை கேட்க வரும்போதுதான் எடுத்துக்கொள்ளும். அதுவரை கதிரையில் உட்கார்ந்திருக்க முடியாமல் கடை வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தேன். வந்து எடுத்துக்கொண்டது. கணக்கப்பிள்ளைக்குப் போன் பண்ணினேன்.

"இனிமே ஒருதடவ அமுக்கினா போதுங்க ஐயா. சும்மா அமுக்க வேணாம்."

"சரிம்மா, நல்லதாப் போச்சு" என்றார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு மலைக்கே போனேன். அக்கா முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை, வேறொன்றும் இல்லை. பகலில் பெண்கள் சாக்குகளைக் கட்டி ரோட்டோரம் வைத்தார்கள். கணக்கப்பிள்ளை ஒருமுறை அழுத்தினார். என் போனில் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு நிமிடம் ஆகவில்லை, பெட்டி வேலையை எடுத்துவிட்டது.

"மணி அடிச்சிருச்சுக்கா. இந்தா வந்துரும்."

அக்கா சிரித்தாள். வளைவில் லொறிச் சத்தம் கேட்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் போனது. பனி இறங்கத் தொடங்கியது. நான் ரோட்டுக்கு நடந்தேன், திரும்பி வந்தேன், போனைப் பார்த்தேன். எடுத்தாயிற்று என்றே அது சொன்னது. எந்தப் பிழையும் இல்லை. பிழை இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அக்காவின் சட்டையில் இரண்டு பக்கமும் பால் கசிந்து ஈரம் படர்ந்தது. அவள் இடுப்பில் கட்டியிருந்த படங்கை இழுத்து மறைத்துக்கொண்டாள். பார்க்காத மாதிரி நான் பள்ளத்தைப் பார்த்தேன்.

"வருமாடி?" என்றாள்.

கணக்கப்பிள்ளையிடம் போனை வாங்கி ஆத்திரத்தில் இன்னொருமுறை அழுத்தினேன். சற்று நேரத்தில் பள்ளத்தில் லொறி உறுமியது.

டிரைவர் அண்ணன் நிதானமாக இறங்கினார். "மொத மணி சும்மா அடிக்கிறதுதானே. அது அடிச்சா தேத்தண்ணி குடிச்சிட்டு ரெடியா இருப்பேன். ரெண்டாவது மணிக்குத்தான் வருவேன். அப்படித்தான் நாங்க பேசி வச்சிருக்கோம்."

கணக்கப்பிள்ளை என்னைப் பார்த்தார். "டிரைவர்கிட்டயும் நீங்க சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன்." இவர்களுக்குள் இப்படி ஓர் ஒப்பந்தம் இருப்பதே எனக்குத் தெரியாது. யார்மேல் எரிந்து விழுவது என்றும் தெரியவில்லை.

கொழுந்தை நிறுத்து முடித்ததும் அக்கா குறுக்குப் பாதையில் ஓட்டமாக இறங்கினாள். நானும் சறுக்கிச் சறுக்கிப் பின்னால் போனேன். பிள்ளைக்காம்பரா அமைதியாக இருந்தது. ஏணையில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான். கன்னத்தில் கண்ணீர் காய்ந்திருந்தது.

ஆயா மெதுவாகச் சொன்னாள். "மொதல்ல விடாம அழுதான். யாரும் வரலன்னதும் விட்டு விட்டு அழுதான். அப்புறம் ரொம்ப நேரத்துக்கு ஒருக்கா. இப்பதான் அடங்கினான்."

பத்து, இருபது, நாற்பது என்று நீளும் அந்த இடைவெளிகளை நான் ஹட்டனில் உட்கார்ந்து எழுத்தில் பார்த்திருக்கிறேன். நன்றாக வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டும் இருக்கிறேன்.

அக்கா பிள்ளையை எடுத்து மடியில் போட்டு மார்பை வாயருகே கொண்டுபோனாள். அவன் உதட்டைக்கூட அசைக்கவில்லை. கன்னத்தைத் தட்டினாள், பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு தூங்கினான். வெளியே, ஆட்களை மறுபடி வேலைக்குக் கூப்பிடும் மத்தியானப் பெரட்டுக்குக் கொம்பு ஊதியது. அக்கா அவனை ஏணையில் கிடத்திவிட்டு, ஈரச் சட்டையோடு மலைக்கு ஏறினாள்.