விசா கிடைத்ததும் நின்றுபோன கேக்

யுத்த காலத்தில் நான் வெள்ளவத்தையில் இருந்து இணையத்தில் கேக் விற்றேன். வெளிநாட்டில் இருப்பவர்கள் கொழும்பில் இருக்கும் தங்கள் ஆட்களுக்கு ஓடர் பண்ணுவார்கள். நான் கேக் செய்து ஓட்டோவில் கொண்டுபோய்க் கொடுப்பேன். சோதனைச் சாவடியில் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். ஐசிங்கில் யாரும் விரல் வைக்காமல் பார்த்துக்கொள்வதும் என் வேலைதான்.

டொராண்டோவில் இருந்த அண்ணன், கார்டில் வரும் காசை வாங்குவதையும் விளம்பரத்தையும் பார்த்தார். தேடுபொறியில் எங்கள் விளம்பரத்தை ஒருவர் அழுத்தினால் அறுபது ரூபாய் போகும். முப்பது பேர் அழுத்தினால்தான் ஒருவர் வாங்குவார். ஆக, ஒரு புது வாடிக்கையாளர் கிடைக்க ஆயிரத்து எண்ணூறு. ஒரு கேக்கில் எல்லாச் செலவும் போக எனக்கு மிஞ்சியது ஐந்நூறு.

"நட்டம் எண்டு ஏன் கத்துறாய்?" என்று அண்ணன் ஃபோனில் கேட்டார். "ஒருத்தன் வருசத்துக்கு நாலு கேக் அனுப்புவான். மூண்டு வருசம் நிண்டால் ஆறாயிரம் லாபம். தீபாவளிக்கு முதல் உன்ர காப்பை அடகு வச்சாவது விளம்பரத்துக்குக் காசு போடு."

"மூண்டு வருசம் எண்டு ஆர் சொன்னது? நாங்கள் கடை திறந்தே ஒண்டரை வருசம்தான்."

"அது சும்மா ஒரு மதிப்பு."

"உங்கட மதிப்புக்கு என்ர காப்போ?"

காப்பு ஒரு சோடிதான் இருந்தது. அதை வைத்துப் போட்ட காசு திரும்பாவிட்டால் கடையும் போகும். அடகு வைப்பதற்கு முன் ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. மாதத்துக்கு ஒரு கேக் என்று அடுத்தடுத்து அனுப்பியவர்கள் மூன்றாவது கேக்கோடு ஏன் காணாமல் போகிறார்கள்? கேக் பிழையா? வேறு யாராவது மலிவாகக் கொடுக்கிறார்களா? அப்படி ஒருத்தி இருந்தால் அவளுடைய முகத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

அப்படி நின்றுபோன ஒருவரின் தாய் வெள்ளவத்தையிலேயே, காலி வீதிக்குப் பக்கத்து லொட்ஜ் ஒன்றில் தங்கியிருந்தவர். ஒரு துண்டுக் கேக்கைக் கட்டிக்கொண்டு, சண்டை பிடிக்கும் முகத்தோடு போனேன். லொட்ஜைப் பார்த்துக்கொண்டவர் கிராண்ட்பாஸில் இருந்து வரும் முஸ்லிம் மனிதர்.

"அந்த அம்மா பெய்த்தாங்க தங்கச்சி," என்றார்.

"எங்க?"

"கனடாவுக்குத்தான். விசா கெடச்சி. ஒங்கட கேக்கத்தான் எல்லாருக்கும் வெட்டிக் குடுத்தாங்க."

கோபத்தை வைக்க இடமில்லாமல் நின்றேன். கொண்டுபோன துண்டை அவரே சாப்பிட்டார்.

வீட்டுக்கு வந்து எங்கள் ஓடர்களை முகவரிப்படி பிரித்துப் பார்த்தேன். லொட்ஜுக்கு அனுப்பியவர்கள் பெரும்பாலும் மூன்று கேக்கோடு நின்றிருந்தார்கள். அங்கே தங்குகிறவர்கள் வெளிநாடு போக விசாவுக்குக் காத்திருப்பவர்கள். விசா வந்தது, ஆள் போனது, கேக்கும் போனது. அப்படி ஒருவரிடமிருந்து வந்தது ஆயிரத்தைந்நூறு. அவரைப் பிடிக்கக் கொடுத்தது ஆயிரத்து எண்ணூறு. கொட்டாஞ்சேனை, வத்தளை, கிருலப்பனை வீடுகளுக்கு அனுப்பியவர்கள் மெதுவானவர்கள். பிறந்தநாள், தீபாவளி, நத்தார் என்று மட்டும் வருவார்கள். ஆனால் முதல் வருடம் வந்தவர்களில் அநேகர் இரண்டாம் வருடமும் வந்திருந்தார்கள். வேகமாக வாங்குகிறவர்தான் நல்ல வாடிக்கையாளர் என்று இருவருமே நினைத்திருந்தோம். அண்ணன் எல்லோரையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கி, ஒரு மதிப்பை எடுத்து என் தலையில் வைத்திருக்கிறார்.

இரவே அண்ணனை ஃபோனில் கூப்பிட்டேன். "வெள்ளவத்தைக்குக் கேக் எண்டு தேடி அழுத்துற ஆக்களுக்கு இருபத்தைஞ்சு ரூபாய்க்கு மேல குடுக்காதேங்கோ. வத்தளை, கொட்டாஞ்சேனைக்கு அறுபதே இருக்கட்டும்."

"விலையைக் குறைச்சால் எங்கட விளம்பரம் கீழ போயிடும். ஆக்கள் குறைவாத்தான் வருவினம்."

"வரட்டும். முப்பது பேருக்கு எழுநூற்றைம்பது. வாறவன் மூண்டு கேக் வாங்கினாலும் அரைவாசி மிஞ்சும். வெள்ளவத்தையில வீடும் இருக்கு, எனக்குத் தெரியும். ஆனால் லொட்ஜ்தான் கூட."

"காப்பு?"

"கையில கிடக்கு. வாற லாபத்தில விளம்பரம் போடுவம்."

அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே விலையை மாற்றினார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

இன்னொரு கேள்வி அரித்தது. தாய் போய்விட்டால் மகனுக்குக் கொழும்பில் வேறு யாருமே இல்லையா? லொட்ஜ் அம்மாவின் மகனைக் கூப்பிட்டேன்.

"அம்மா இஞ்ச வந்திட்டா அக்கா. இனி ஆருக்குக் கேக்?" என்று சிரித்தார்.

பின்னால் அந்த அம்மாவின் குரல் கேட்டது. "ஆர், கேக்குக்காரப் பிள்ளையோ? ஃபோனைத் தா." பிறகு நேராக என்னிடம், "பிள்ளை, லொட்ஜைப் பார்க்கிற தம்பிக்கு ஒண்டு குடு. கொழும்பில தங்கிறதுக்கு என்னைப் பொலிஸில பதியக் கூட்டிக்கொண்டு போனதும் அவர்தான், எயார்போட்டுக்கு வந்ததும் அவர்தான். பேரீச்சம்பழம் போட்டது, பெரிசு. காசு இவன் குடுப்பான்."

அந்த ஓடருக்கு விளம்பரச் செலவு ஒரு ஃபோன் அழைப்பு. மறுநாள் பெட்டியோடு போனேன்.

"இண்டைக்கும் சண்டைக்கா தங்கச்சி?" என்று கேட்டுக்கொண்டே அவர் கத்தியைத் தேடினார்.