தாளின் முதுகில் இருந்த பாதை

திராட்சைக்கு அடிக்கும் கந்தக மருந்தின் நெடி வந்தாலே அந்த நாள்தான் நினைவுக்கு வரும். என் கணவர் இறந்த மாதமே, அந்த மருந்து அடிக்க வேண்டிய நாளில், தன் நிலம் வழியாக எங்கள் தோட்டத்துக்குப் போகும் பாதையைக் கொழுந்தன் முள்கம்பியால் அடைத்தார். “பாதை விட்டதுக்கு எழுத்து இருந்தா காட்டுங்க, மதினி.” அவரே எழுதிக் கையெழுத்திட்ட தாள் இருந்தது. ஆனால் கூரை ஒழுகியதில் ஜெல் பேனா மை கரைந்து வெறும் நீலக் கறையாகிவிட்டது.

தன் அப்பா இருந்தபோது ஸ்கேன் செய்துவைத்த கோப்புகளை என் மகள் பிரித்து அடுக்கினாள். கறைக்கு அடுத்த பக்கத்தை அவளால் வாசிக்க முடியவில்லை.

“மலையாளமாம்மா?”

“என்னமோ கிறுக்கல். அழிச்சுரு.”

அவள் அழிக்கவில்லை. படத்தை இடவலமாகத் திருப்பினாள். அத்தனையும் தமிழ்.

எழுதிய அன்று நகலுக்காக வைத்த கார்பன் தாளைக் கொழுந்தன் மைப்பக்கம் மேலே பார்க்க வைத்திருக்கிறார். அதனால் எழுத்து அடித்தாளில் விழாமல், எழுதிய தாளின் முதுகிலேயே கண்ணாடி பிம்பமாகப் பதிந்திருக்கிறது. கார்பனின் மெழுகு மை நீரில் கரையாது. இருபக்கமும் எடுக்கும் ஸ்கேனர் அதையும் எடுத்திருந்தது.

இப்போதெல்லாம் பின்பக்கம் பார்க்காமல் எந்தத் தாளையும் நான் கழிப்பதில்லை.

பெட்டியிலிருந்த அசலோடு முகம் பார்க்கும் கண்ணாடியையும் கொண்டுபோய், ஊரார் முன்னால் கொழுந்தனையே வாசிக்க வைத்தேன். கையெழுத்து வந்ததும் தாளை என்னிடம் நீட்டினார்.

“நாளைக்குக் கம்பியைப் பிரிச்சுர்றேன், மதினி.”

“உங்க அண்ணன் நடந்த பாதை அது. இப்பவே, உங்க கையால பிரிங்க.”