குறுக்கே விழும் அக்கா

போட்காஸ்ட்டை மொழிபெயர்ப்பது லேசான வேலை என்று நம்பித்தான் ஒப்புக்கொண்டேன். என் நேரம்!

பேசுகிறவர்கள் இரண்டு பெண்கள். இருவருக்கும் கப்பலூரில் ஒரே கம்பெனியில் பேக்கிங் வேலை. பெரியவருக்கு ஐம்பது இருக்கும். சின்னவள் தினமும் உசிலம்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒத்தக்கடையில், என் வீட்டுக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடை மாடியில், உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். அந்தப் பதிவை ஒருவர் கேட்டு அப்படியே தமிழில் டைப் செய்து எனக்கு அனுப்புவார். நான் ஆங்கிலமாக்க வேண்டும். டெல்லியில் இருக்கும் தயாரிப்பாளர் அம்மாவுக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது. அவருக்கு நான் எழுதுவதுதான் நிகழ்ச்சி.

அவர் விதி போட்டிருந்தார். ஒருத்தர் பேச்சை இன்னொருத்தர் வெட்டினால் கோடு. இருவரும் பேசினால் அடைப்புக்குறிக்குள் 'ஒரே நேரத்தில்'. சிரித்தால் அதற்கும் ஒரு அடைப்புக்குறி. நம்மூரில் ஒருத்தர் பேசும்போது மற்றவர் 'ம்' கொட்டாமல் இருப்பாரா? சின்னவள் "நான் வீட்டுக்குப் போயி" என்பதற்குள் பெரியவர் "ஒல வச்சியாக்கும்" என்று முடித்து வைப்பார். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதால், வெட்டுகிறவரே அதைச் சொல்லிவிடுகிறார். ஆங்கிலத்தில் அது முன்னாலேயே வந்து தொலைக்குமே, கோட்டை எங்கே போடுவது? எப்படியோ போட்டு அனுப்பினேன். பக்கமெல்லாம் முள்வேலி அடித்த மாதிரி இருந்தது.

டெல்லியிலிருந்து போன் வந்தது. பெரியவர் அந்தப் பெண்ணை வாய் திறக்கவே விடவில்லையாம், பாவமாம். இனிமேல் சின்னவள் மட்டும் போதும். கடைசியாக ஒரு நிகழ்ச்சி மட்டும் பெரியவர் இருக்கட்டும், கேட்டால் மட்டும் பேசட்டும் என்றார். இங்கே பேச்சே இப்படித்தான் என்றேன். ஆங்கிலத்தில் படிக்கிறவர்களுக்கு அது தெரியாதே என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சேதி பெரியவர் காதுக்கும் போய்விட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை மாடிப்படியில் என்னை நிறுத்தினார்.

"ஏம்மா, நான் அம்புட்டா வாயாடுறேன்?"

இல்லை என்றேன். அவர் நம்பவில்லை.

"இங்க வந்து பேசுறதுக்குத்தேன் வாரம் பூரா ஓடுறேன். வீட்ல எங்கிட்ட யாரு பேசுறா? சரி, விடும்மா. இன்னைக்கு வாயப் பொத்திக்கிறேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்காகவும், நான் போட்டு அனுப்பிய கோடுகளை நினைத்தும்.

சொன்னபடியே வாயைப் பொத்திக்கொண்டார். டைப் ஆகி வந்த பக்கங்கள் படு சுத்தம், ஒரு வெட்டு இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போன் வந்த நாளைப் பற்றிச் சின்னவள் பேசியிருந்தாள். "நான் அந்தப் பஸ்ஸ" என்று நிறுத்தினாள். அடுத்த வரி: மௌனம். அதற்கடுத்து, "அக்கா, என்னக்கா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிற? எம்மேல கோவமா?" மறுபடி மௌனம். "அவ்வளவுதேன்" என்று கதையை மூடிவிட்டாள். இடைவெளிகளை வெட்டிவிடலாம் என்று விதியில் அனுமதி இருந்தது. நான் ஒன்றைக்கூட வெட்டவில்லை. அத்தனை மௌனத்தையும் எழுதி அனுப்பினேன்.

டெல்லியம்மா பதறிப்போய்ப் போன் செய்தார். பிள்ளைக்கு என்ன ஆச்சு, ஏன் நிறுத்திவிட்டாள், இருவருக்கும் சண்டையா? பழைய நிகழ்ச்சியைத் திறக்கச் சொன்னேன். பெரியவர் குறுக்கே விழுந்த இடங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். அந்த இடங்களுக்குப் பிறகெல்லாம் சின்னவள் இன்னும் நீளமாகப் பேசியிருந்தாள். அவரே இரண்டு இடங்களை வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். பிறகு, அதே கதையை இருவரையும் வைத்து மறுபடி பதிவு செய்யுங்கள், பெரியவர் இஷ்டம்போல் பேசட்டும், அடுத்தடுத்த நிகழ்ச்சிகளுக்கும் அவர் வேண்டும் என்றார்.

பெரியவரிடம் நானே ஓடிப்போய்ச் சொன்னேன். சொல்லி முடிக்க அவர் விட்டால்தானே!

புதுப் பக்கங்கள் வந்தன.

"நான் அந்தப் பஸ்ஸ—"

"விட்டுட்ட. புள்ள?"

"பக்கத்து வீட்டுல—"

"அழுதுச்சா?"

"இல்லக்கா, நாந்தேன் அழுதேன். ஸ்டாண்டுல நின்னு, ஊரே பாக்க. அது அங்க இட்லி தின்னுட்டு வெளையாடுது."

கீழே வெறும் 'சிரிப்பு' என்று டைப் ஆகியிருந்தது. யாருடையது என்று போடவில்லை. ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். முதலில் சிரித்தது யார், அது யாருக்குத் தொற்றியது என்று திரும்பத் திரும்பக் கேட்டும் பிரிக்க முடியவில்லை. நடுவில் மூக்கு உறிஞ்சும் சத்தம் வேறு, அதுவும் யாருடையதென்று தெரியவில்லை. டெல்லியம்மாவின் விதிப்படியே, ஆனால் இந்த முறை மனசாரப் போட்டேன்: (இருவரும், ஒரே நேரத்தில்).