போகாத இறகு

ஒத்தக்கடையில் மேலூர் ரோட்டை ஒட்டி, நானும் கூட்டாளியும் சைலன்சர் ஒட்டும் பட்டறை வைத்திருக்கிறோம். இருவருக்கும் ஒரே வயது. ஒருவரையொருவர் 'மாப்ள' என்றுதான் கூப்பிடுவோம். கோபத்தில் மட்டும் என் பங்கு அதிகம்.

போன கோடையில் டாக்டர் எனக்குச் சர்க்கரை என்று சொல்லிவிட்டு, "கண்ணைப் பார்த்துக்குங்க" என்றார். அதற்கு அடுத்த வாரமே என் சுடரில் அந்த இறகு போக மறுத்தது.

கேஸ் வெல்டிங்கில் எல்லாமே சுடரைப் படிப்பதுதான். அசிட்டிலினை மட்டும் பற்றவைத்தால் மஞ்சளாக எரிந்து கரியைக் கக்கும். ஆக்சிஜனைத் திறக்கத் திறக்க நீலமாகி, நடுவில் வெளிச்சமான ஒரு கூம்பு வரும். கூம்பைச் சுற்றி, முனைக்கு அப்பாலும் நீண்டு, வெளிறிய இறகு ஒன்று நிற்கும். அது இருக்கிறவரை அசிட்டிலின் அதிகம், கார்பரைசிங் சுடர். அதை இரும்பில் காட்டினால் கரி ஏறி, ஒட்டு விறைத்துப்போகும். இன்னும் ஆக்சிஜனைத் திறந்தால் இறகு சுருங்கிக் கூம்போடு சேர்ந்துவிடும். அந்த நொடியே திருகிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். முனை மழுங்கி, ஓரம் தெளிவாக நிற்கும் அந்தக் கூம்புதான் நியூட்ரல், இரும்புக்குச் சரியான சுடர். அதையும் தாண்டித் திறந்தால் கூம்பு குட்டையாகிக் கூர்மையாகும், சுடர் சீறும். அது ஆக்சிடைசிங். பித்தளைக்குக் கொஞ்சம் உதவும். இரும்பில் பட்டால் பொறி பறக்கும், உருகியது நுரைக்கும், ஒட்டு நொறுங்கும்.

இதையெல்லாம் தூக்கத்தில்கூடச் சொல்வேன். ஆனால் எவ்வளவு திறந்தாலும் கூம்பைச் சுற்றி வெளிறலாக ஏதோ நின்றுகொண்டே இருந்தது. கண் போகிறது என்று முடிவு கட்டிவிட்டேன். மனைவியிடம் சொல்லவில்லை. கண் போன வெல்டரிடம் யார் வேலை கொடுப்பார்கள்? வீட்டில் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். பயத்தை மறைக்கப் பட்டறையில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன்.

அப்போதுதான் ஒரு பள்ளி வேன் திரும்பி வந்தது. மூன்று நாள் முன்பு அதன் சைலன்சர் பைப்பை நான்தான் ஒட்டியிருந்தேன்.

"அண்ணே, ஒட்டு விட்டுப்போச்சு. புகை உள்ள வருது, பிள்ளைக இருமுதுக" என்றார் டிரைவர்.

பைப் துருப்பிடித்தது என்று அவர் மேலேயே பாய்ந்தேன். துருவால்தான் அன்று ஒட்டும்போது பொறி பறந்தது என்றும் நம்பியிருந்தேன்.

பைப்பைக் கழற்றி வைத்துச் சுடரைப் பற்றவைத்தேன். இறகு போகவில்லை. திருகைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். பின்னால் பைக்குக்கு நட்டு முடுக்கிக்கொண்டிருந்த கூட்டாளி தலையைத் தூக்கினான்.

"மாப்ள, சுடர் சீறுதே. ஆக்சிஜன் எம்புட்டுத் தெறந்திருக்க?"

"இறகு நிக்குதுடா."

"நிக்குதா?" தன் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து குனிந்தான். "கூம்பு ஊசி மாதிரி இருக்கு. ஆக்சிடைசிங்குடா இது."

"என் கண்ணைவிட உனக்குத் தெரியுமோ?" என்று கத்தினேன்.

அவன் சுடரை அணைத்துவிட்டு, என் முகத்திலிருந்த கண்ணாடியைப் பிடுங்கித் தான் மாட்டிக்கொண்டான். மறுபடி பற்றவைத்து ஆக்சிஜனைக் கூட்டினான். ஒரு நிமிடம் பார்த்தவன் சிரித்துவிட்டான்.

"எனக்கும்தான் போகமாட்டேங்குது. நெசமான இறகுன்னா ஆக்சிஜனைக் கூட்டுனா சுருங்கணும்ல? இது இருந்த இடத்துலயே நிக்குது. கண்ணாடியப் பாரு மாப்ள."

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடிக்கு முன்னால் தெறிப்பு தாங்கும் வெள்ளைக் கண்ணாடி முழுக்கப் பொறி பட்டுப் புள்ளி புள்ளியாகப் பொரிந்திருந்தது. கூம்பின் வெளிச்சம் அதில் பட்டுச் சிதறி, இறகு போலத் தெரிந்திருக்கிறது. அதற்கு முந்தின மாதம் கோரிப்பாளையத்திலிருந்து அவன் புதுசு வாங்கி வந்தபோது, "எனக்கு எல்லாம் தெரியுது" என்று மேசை டிராயரில் வீசியெறிந்தவன் நான்தான். பாக்கெட்டைக்கூடப் பிரிக்கவில்லை.

புதுசை மாட்டிக்கொண்டு பற்றவைத்தேன். மஞ்சள், நீலம், கூம்பு, இறகு. திருகைத் தொட்டதும் இறகு சுருங்கியது, சுருங்கிக் கூம்போடு சேர்ந்தது. சீறல் இல்லை. பைப்பில் காட்டினேன், உருகிய இரும்பு பொறியில்லாமல், நுரையில்லாமல் பாகு போல ஓடியது. கெட்டது கண்ணாடிதான், என் கண் இல்லை.

டிரைவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கண்ணே, நல்லா ஒட்டுனாப் போதும்" என்றார். கண் டாக்டரிடமும் போய்விடுவது என்று முடிவு செய்தேன், மனைவியையும் கூட்டிக்கொண்டு.

ஒட்டு முடிந்த பிறகும் சுடரை அணைக்காமல், கண்ணாடியைக் கழற்றாமல் அப்படியே நின்றேன். உள்ளே கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, கூட்டாளிக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன்.

"அழுது முடிச்சிட்டா அணை மாப்ள" என்றான் அவன், நட்டை முடுக்கிக்கொண்டே. "கேஸ் போகுது."