எந்த வீட்டுக்கு வருவீர்கள்?

முழங்கால் இரண்டும் மக்கர் பண்ணத் தொடங்கியபின், ஓய்வுபெற்ற தட்டச்சு டீச்சர் வங்கிக்கு ஒரு கடிதம் எழுதினார். வீட்டுக்கே ஆள் அனுப்பி, ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ் சான்றிதழை எடுத்துக்கொள்ளும் சேவை வேண்டும். ஆனால் அதற்கு முன், வங்கியிடம் இருக்கும் தன் முகவரி சரிதானா என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

மகன் விழுந்து விழுந்து சிரித்தான். "அட்ரஸ் தெரியாமயா பேங்க் நடத்துறான்? நான்தான் வீடு மாறினப்பவே மாத்திக் குடுத்துட்டேனேம்மா."

"நீ மாத்தினதாலதான் கேக்குறேன்" என்றார் டீச்சர். கேஸ் இணைப்பை மாற்றுகிறேன் என்று அவன் அலைந்த லட்சணத்தை அவர் பார்த்தவர்.

நான்காம் நாள் வங்கி அதிகாரி அவரை ஃபோனில் அழைத்தாள். டீச்சர் ஸ்பீக்கரில் போட்டார். "அட்ரஸை நாங்க ஃபோன்ல சொல்லக் கூடாதும்மா. நீங்க சொல்லுங்க, பொருந்துதான்னு பாக்குறேன்."

பரவாயில்லை, அங்கே ஒருத்திக்காவது மூளை இருக்கிறது என்று நினைத்தபடி டீச்சர் சொன்னார்.

"பொருந்தலைம்மா. அட்ரஸ் மாத்தச் சொல்லி எங்களுக்கு எதுவும் வரலையே."

மகன் திடீரென்று ஜன்னல் திரையைச் சரிசெய்யப் போனான்.

"கையெழுத்துப் போட்ட விண்ணப்பமும் முகவரிச் சான்று நகலும் வேணும். மகன்கிட்ட குடுத்து விடுங்களேன்."

"யார்கிட்ட வேணாலும் குடுத்து விடுறேன், அவன்கிட்ட மட்டும் மாட்டேன்" என்றார் டீச்சர்.

மருமகள் வேலைக்குப் போகிற வழியில் கொடுத்துவிட்டுப் போனாள். அடுத்த வாரம் வங்கி ஆள் சரியான வாசலில் வந்து நின்றான். அடையாள அட்டையை வாங்கிப் பார்த்த பிறகுதான் டீச்சர் அவனை உள்ளே விட்டார்.